கண்முன்னே இருக்கிறது, ஆனாலும் #N/A

மளிகை மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடையின் ஜிஎஸ்டி கணக்கை எடுத்துக்கொள்வோம். GSTR-1 படிவத்தின் 12-ஆம் அட்டவணையில் விற்ற சரக்கை எச்எஸ்என் குறியீடு வாரியாகத் தொகுத்துக் காட்ட வேண்டும். பருப்பு வகைகள் 0713, தேயிலை 0902, மிளகும் மிளகாய் வற்றலும் 0904, அரிசி 1006, சர்க்கரை 1701. பில் போடும் மென்பொருளிலிருந்து எடுத்த மாத விற்பனை ஒரு தாளில் இருக்கிறது. குறியீடும் அதற்குரிய பெயரும் List என்ற இன்னொரு தாளில் இருக்கின்றன. கணக்காளர் விற்பனைத் தாளில் இந்த ஃபார்முலாவைப் போட்டுக் கீழே வரை இழுக்கிறார்:

```
=VLOOKUP(A2,List!A:B,2,FALSE)
```

எல்லா வரியிலும் #N/A. List தாளுக்குப் போய்ப் பார்க்கிறார். 0904 அங்கே இருக்கிறது. திரும்பி வந்து பார்க்கிறார். இங்கேயும் அதே 0904 தான். எக்செல் மட்டும் அப்படி ஒன்று இல்லை என்று சாதிக்கிறது.

பலரும் இந்த இடத்தில் ஃபார்முலாவை அழித்துத் திரும்ப எழுதுகிறார்கள், கோப்பை மூடித் திறக்கிறார்கள், கடைசியில் கையாலேயே பெயர்களைத் தட்டச்சு செய்து முடித்துவிடுகிறார்கள். அடுத்த மாதம் அதே தொல்லை மறுபடியும் வரும். காரணங்கள் உண்மையில் மிகச் சில. இரண்டு பக்கத்து மதிப்புகளும் ஒரே வகையாக இல்லாமல் இருக்கலாம்; மதிப்போடு கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கலாம்; அல்லது தேடும் முறையையே நாம் தவறாகச் சொல்லியிருக்கலாம். இந்த மூன்றும் வெளியே காட்டுவது ஒரே #N/A என்பதால்தான் குழப்பம். அதற்குப் பின்னால் இருப்பது எது என்று பிரித்தறியத் தெரிந்துகொண்டால் சரிசெய்வது பெரிய வேலையே இல்லை.

நம் கடைக் கோப்பில் நடந்தது முதல் வகை. List தாள் முதலில் ஒரு CSV கோப்பாக வந்தது. அதை இருமுறை கிளிக் செய்து திறந்தபோது, 0904 என்பதை எக்செல் ஓர் எண் என்று எடுத்துக்கொண்டு முன்னால் இருந்த பூஜ்யத்தைக் கழற்றிவிட்டது. உள்ளே தங்கியது 904. பூஜ்யம் காணாமல் போனதைப் பார்த்த யாரோ ஒருவர் Format Cells போய், Custom பிரிவில் 0000 என்று கொடுத்திருக்கிறார். அதன் பிறகு திரையில் மீண்டும் 0904 என்று தெரிகிறது. விற்பனைத் தாளிலோ மென்பொருள் அந்தக் குறியீட்டை எழுத்துச் சரமாகவே அனுப்பியிருக்கிறது: பூஜ்யம், ஒன்பது, பூஜ்யம், நான்கு என்று நான்கு எழுத்துகள். எக்செல் ஒப்பிடுவது செல்லுக்குள் சேமித்திருக்கும் மதிப்பை. நாம் பார்ப்பது அதன் மேல் போட்ட வடிவமைப்பை.

பூஜ்யம் இல்லாத குறியீட்டுக்கும் இதே கதிதான். 1006 என்ற எண்ணும் 1006 என்ற எழுத்துச் சரமும் எக்செலுக்கு ஒருபோதும் சமம் ஆகாது. ஒரு வெற்று செல்லில் `=1006="1006"` என்று எழுதிப் பாருங்கள், FALSE என்று வரும். கூட்டல் பெருக்கலின்போது எழுத்தாக இருக்கும் எண்ணை எக்செல் தானாகவே எண்ணாக மாற்றிக்கொள்கிறது. `="1006"+1` என்றால் 1007 தருகிறது. அந்தத் தாராளத்தைப் பார்த்துப் பழகியவர்கள் தேடலிலும் அதை எதிர்பார்க்கிறார்கள். ஒப்பீட்டில் அப்படி நடப்பதில்லை.

இதைக் கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. வடிவமைப்பு எதுவும் செய்யாத தாளில் எண் வலப்பக்கம் ஒட்டியும் எழுத்து இடப்பக்கம் ஒட்டியும் நிற்கும். எழுத்தாகச் சேமித்த எண்ணின் மூலையில் சிறிய பச்சை முக்கோணம் தெரியும். ஆனால் யாராவது பத்தியை நடுவில் நிறுத்தியிருந்தாலோ, பிழை காட்டும் வசதியை அணைத்து வைத்திருந்தாலோ இவை உதவாது. செல்லைத் தேர்ந்தெடுத்து மேலே இருக்கும் ஃபார்முலா பட்டையைப் பார்ப்பது அதைவிட நம்பகமானது. 0000 வடிவமைப்பு போட்ட செல்லில்கூட அங்கே 904 என்றுதான் இருக்கும். சந்தேகத்துக்கே இடம் வேண்டாம் என்றால் `=ISTEXT(A2)` என்று இரண்டு பக்கமும் கேட்டுவிடலாம். ஒரு பக்கம் TRUE, மறுபக்கம் FALSE என்றால் விஷயம் முடிந்தது.

இதோடு நான் எப்போதும் பயன்படுத்தும் ஒரு சோதனையையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்துப் பக்கத்து செல்களில் இந்த இரண்டையும் எழுதுங்கள்:

```
=COUNTIF(List!A:A,A2)
=MATCH(A2,List!A:A,0)
```

COUNTIF எண்ணுக்கும் எண்போல் தோன்றும் எழுத்துக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை. 0904 என்ற எழுத்தைக் கொடுத்தால் 904 என்ற எண்ணையும் சேர்த்தே எண்ணும். MATCH கறாராகப் பார்க்கும். ஆகவே முதலாவது 1 என்றும் இரண்டாவது #N/A என்றும் வந்தால், வகை பொருந்தவில்லை அல்லது முன்பூஜ்யம் போய்விட்டது என்று பொருள். இரண்டுமே கைவிரித்தால் கண்ணுக்குத் தெரியாத எழுத்தின் மேல் சந்தேகப்படலாம். நூறு வரிகளை உற்றுப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

சரிசெய்யும்போதுதான் பெரும்பாலோர் வழுக்கி விழுகிறார்கள். List பத்தியைத் தேர்ந்தெடுத்து, வடிவமைப்பை Text என்று மாற்றுகிறார்கள். மதிப்பு இடப்பக்கம் நகர்கிறது, ஆகவே மாறிவிட்டது என்று நினைக்கிறார்கள். மாறவில்லை. ஏற்கெனவே சேமித்திருக்கும் எண் எண்ணாகவே இருக்கும். F2 அழுத்தி Enter தட்டி அதை மறுபடி உள்ளிட்ட பிறகே எழுத்தாகும். அப்போதும் 904 ஆனது 904 என்ற மூன்றெழுத்துச் சரமாகுமே தவிர, இழந்த பூஜ்யம் திரும்பாது. ஒவ்வொரு எண்ணின் பின்னாலும் `&""` சேர்த்து எழுத்தாக்கும் குறுக்கு வழியிலும் இதே குறை உண்டு. அதன் விளைவைப் பாருங்கள்: அரிசியும் சர்க்கரையும் கிடைத்துவிடும், பருப்பு, தேயிலை, மிளகு மூன்றும் #N/A ஆகவே நிற்கும். எச்எஸ்என் அட்டவணையின் முதல் ஒன்பது அத்தியாயங்கள் 01 முதல் 09 வரை பூஜ்யத்தில் தொடங்குபவை; அவை மட்டும் விழுகின்றன. எந்த வரிகள் விழுகின்றன என்று வரிசைப்படுத்திப் பார்ப்பதே பாதி விடையைத் தந்துவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

வழிகள் இரண்டு. தேடும் மதிப்பை எண்ணாக்கி `VALUE(A2)` என்று கொடுக்கலாம். 0904 என்ற எழுத்து 904 என்ற எண்ணாகி List தாளோடு பொருந்திவிடும். அல்லது List தாளில் ஒரு புதிய பத்தி சேர்த்து, குறியீட்டை நான்கெழுத்துச் சரமாக மீட்கலாம்:

```
=TEXT(A2,"0000")
```

அவசரத்துக்கு முதல் வழி போதும். நிரந்தரத் தீர்வாக நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். கூட்டவோ கழிக்கவோ போகாத எதுவும் எண் அல்ல, அது ஒரு பெயர். எச்எஸ்என் குறியீடு, பதிவு எண், வங்கிக் கணக்கு எண், அஞ்சல் குறியீடு எல்லாம் அந்த வகை. எண்ணாக வைத்திருந்தால் இழப்பு பூஜ்யத்தோடு நிற்காது. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே துல்லியமாக வைத்துக்கொள்ளும். 1234567890123456 என்ற 16 இலக்க எண்ணைத் தட்டினால் கடைசி இலக்கம் பூஜ்யமாகி 1234567890123450 என்று தங்கிவிடும். கடைசி இலக்கத்தில் மட்டும் வேறுபடும் இரண்டு கணக்குகள் அப்போது ஒன்றாகிவிடும், தேடலும் தவறான ஆளைச் சரியென்று காட்டும். மேலே சொன்ன COUNTIF சோதனைக்கும் இந்த 15 இலக்க எல்லை உண்டு என்பதை நினைவில் வையுங்கள். நீண்ட எண்களில் அதை நம்ப வேண்டாம். எச்எஸ்என் குறியீட்டை 8 இலக்கத்தில் எழுதும் நிறுவனமானால் `"00000000"` என்று எட்டுப் பூஜ்யம் கொடுக்க வேண்டும். ஒரே பத்தியில் 4, 6, 8 இலக்கங்கள் கலந்திருந்தால் இப்படி ஒரே நீளத்தில் பூஜ்யம் போடும் வடிவம் எல்லாவற்றையும் சரியாக மீட்காது. மூலக் கோப்புக்குப் போவதே நல்லது.

மூலக் கோப்பை இருமுறை கிளிக் செய்து திறக்காமல், Data தாவலில் From Text/CSV வழியாகக் கொண்டுவருவது நல்லது. அங்கே Data Type Detection என்ற இடத்தில் Do not detect data types என்று தேர்ந்தெடுத்தால் 0904 அப்படியே எழுத்தாக வந்து சேரும். 2023-இல் மைக்ரோசாஃப்ட், இந்தத் தானியங்கி மாற்றங்களை அணைத்து வைக்கும் வசதியையும் Options பகுதியில் Automatic Data Conversion என்ற பெயரில் கொடுத்தது. அதற்கு முன்பே, மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு 2020-இல் SEPT1, MARCH1 போன்ற பெயர்களையே மாற்ற வேண்டியிருந்தது. எக்செல் அவற்றைத் தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்ததால் அவை SEPTIN1, MARCHF1 ஆயின. விஞ்ஞானிகளுக்கே இந்த நிலை என்றால் மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் ஒருவர் தடுமாறுவதில் வியப்பில்லை.

இனி இரண்டாவது காரணத்துக்கு வருவோம். நம் கணக்காளர் List தாளைத் திருத்திவிட்டார், மிளகைத் தவிர எல்லாம் வந்துவிட்டன. திருத்தும்போது மிளகுக்கான வரியை மட்டும் அவர் ஓர் இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டியிருந்தார். இரண்டு பக்கமும் எழுத்துதான். ISTEXT இரண்டுக்கும் TRUE. ஆனால் `=LEN(A4)` கேட்டால் 4 வராமல் 5 வருகிறது. கூடுதலாக ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அது சாதாரண இடைவெளி என்று நினைத்து TRIM போடுகிறார். நீளம் இன்னும் 5 தான். அவர் செய்தது தவறில்லை, TRIM-க்கு ஓர் எல்லை உண்டு. விசைப்பலகையின் இடைவெளிப் பட்டை தரும் 32-ஆம் எண் எழுத்தை மட்டுமே அது நீக்கும்: முன்னும் பின்னும் இருப்பதை முழுதாகவும், நடுவில் ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒன்றாகக் குறைத்தும். இணையப் பக்கங்களில் வரி முறியாமல் இருப்பதற்காகப் போடும் இடைவெளி வேறு. அதன் எண் 160. திரையில் இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது. கடைசி எழுத்து எது என்று நேரடியாகக் கேட்டுவிடலாம்:

```
=UNICODE(RIGHT(A4,1))
```

160 என்று விடை வந்தால் அந்த எழுத்தைச் சாதாரண இடைவெளியாக மாற்றிய பிறகு TRIM செய்ய வேண்டும்:

```
=TRIM(SUBSTITUTE(A4,UNICHAR(160)," "))
```

இடைவெளி முன்னால் இருந்தால் RIGHT-க்குப் பதில் LEFT. நடுவில் எங்கோ ஒளிந்திருந்தால், மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருப்பவர்கள் `=UNICODE(MID(A4,SEQUENCE(LEN(A4)),1))` என்று எழுதி ஒவ்வொரு எழுத்தின் எண்ணையும் கீழே கீழே வரிசையாகப் பார்க்கலாம். 10 அல்லது 13 தெரிந்தால் அது வரி மாற்றக் குறி; அதற்கு CLEAN போதும், ஏனென்றால் 0 முதல் 31 வரை உள்ள கட்டுப்பாட்டு எழுத்துகளை நீக்குவதே அதன் வேலை. 160-ஐ CLEAN தொடாது. அகலமே இல்லாத 8203-ஆம் எழுத்தை CLEAN, TRIM இரண்டுமே விட்டுவிடும். அதற்கும் SUBSTITUTE தான் வழி. எண் மாற்றமும் இதில் சிக்கும்: 160 ஒட்டிய குறியீட்டுக்கு VALUE போட்டால் #VALUE! என்று பிழை வரும். ஆகவே முதலில் சுத்தம், பிறகு வகை மாற்றம்.

ஒன்றை மறக்கக் கூடாது. அழுக்கு எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டே துடைக்க வேண்டும். VLOOKUP-க்குள் `TRIM(A2)` என்று எழுதுபவர்கள் தேடும் மதிப்பைத்தான் சுத்தம் செய்கிறார்கள். இடைவெளி பட்டியலில் இருந்தால் அதனால் பயன் ஒன்றும் இல்லை. பட்டியலுக்குப் பக்கத்தில் சுத்தமான பத்தி ஒன்றை உண்டாக்கி, Paste Special வழியாக மதிப்பாக ஒட்டிப் பழையதை நீக்கிவிடுவதே நேரான வழி.

தமிழில் பெயர்ப் பட்டியல் வைத்திருப்பவர்களுக்கு இதில் தனித் தொல்லை ஒன்று உண்டு. ஸ்ரீ என்ற எழுத்தைத் தட்டும்போது சில விசைப்பலகை முறைகள் ஸ் என்று தொடங்கும் 3000-ஆம் எண்ணையும், சில ஶ் என்று தொடங்கும் 2998-ஆம் எண்ணையும் பதிகின்றன. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். ஒருவர் தட்டிய ஸ்ரீதரை இன்னொருவர் தட்டிய பட்டியலில் எக்செல் காணாது. எந்தச் சுத்தம் செய்யும் சார்பும் இதைக் கண்டுகொள்ளாது. UNICODE கொண்டு முதல் எழுத்தைச் சோதித்து, SUBSTITUTE மூலம் ஒன்றாக்க வேண்டும். பெயரை வைத்துத் தேடுவதைத் தவிர்த்து ஓர் அடையாள எண்ணை வைத்துத் தேட முடிந்தால் அதுவே நல்லது.

மூன்றாவது காரணத்தை நான் கடைசியில் வைத்தாலும், இருப்பதில் ஆபத்தானது அதுதான். VLOOKUP-இன் நான்காவது இடத்தில் FALSE என்று எழுதாமல் விட்டால், எக்செல் அதை TRUE என்று எடுத்துக்கொள்ளும். அதாவது சரியாகப் பொருந்துவதைத் தேடாமல், பட்டியல் ஏறுவரிசையில் இருக்கிறது என்று நம்பி, தேடும் மதிப்பை விஞ்சாத மிகப் பெரிய மதிப்பை எடுக்கும். வருமான வரி அடுக்கு, எடைக்கு ஏற்ற கூரியர் கட்டணம் போன்றவற்றுக்கு அது அருமையான வசதி. குறியீட்டைத் தேட அது உதவாது.

எக்செல் இந்த முறையில் தேடுவது நாம் அகராதியில் சொல் தேடுவது போன்றது: நடுவில் திறந்து, வேண்டியது அதற்கு முன்னா பின்னா என்று பார்த்து, மற்ற பாதியைத் தொடாமலே விட்டுவிடும். List தாளில் A2 முதல் A6 வரை எண்களாக 1006, 902, 904, 713, 1701 என்ற வரிசை இருப்பதாக வைத்துக்கொள்வோம். இப்போது பருப்பைத் தேடுகிறோம்:

```
=VLOOKUP(713,A2:B6,2)
```

நடுவில் இருப்பது 904. 713 அதைவிடச் சிறியது, ஆகவே எக்செல் மேல் பாதிக்குப் போகிறது. அங்கே 1006, 902 இரண்டும் 713-ஐவிடப் பெரியவை. விடை #N/A. நான்காவது வரியில் 713 கண்முன்னே இருந்தும் எக்செல் அந்தப் பக்கமே திரும்பவில்லை. வகை சரி, எழுத்து சரி, இடைவெளியும் இல்லை, ஆனாலும் கிடைக்காது.

இப்போது அதே பட்டியலில் அரிசியின் 1006-ஐத் தேடுங்கள். 904-ஐவிடப் பெரியது என்பதால் கீழ்ப் பாதிக்குப் போகும். அங்கே 713, 1701. விஞ்சாதது 713 தான். ஆகவே அரிசிக்கு எதிரே பருப்பின் பெயர் வந்து உட்காரும். பிழைச் செய்தி கிடையாது, பச்சை முக்கோணம் கிடையாது. 904, 1701 இரண்டும் சரியாகவே வரும் என்பதால் இரண்டு வரிகளைச் சரிபார்த்தவர் முழுத் தாளையும் நம்பிவிடுவார். இதனால்தான் எந்த #N/A விசாரணையையும் நான்காவது இடத்தில் FALSE இருக்கிறதா என்ற கேள்வியோடு தொடங்குங்கள் என்கிறேன். MATCH-இன் மூன்றாவது இடத்துக்கும் இதே விதி: விட்டுவிட்டால் 1, அதாவது இதே தோராயத் தேடல். நமக்கு வேண்டியது 0.

FALSE கொடுத்த பிறகும் சிறு விதிவிலக்கு உண்டு. எழுத்தைத் தேடும்போது VLOOKUP நட்சத்திரக் குறியையும் கேள்விக் குறியையும் எதற்கும் பொருந்தும் குறிகளாகவும், `~` குறியை அவற்றை முடக்கும் குறியாகவும் படிக்கும். சரக்கின் பெயரிலேயே `~` இருந்தால் அது கிடைக்காது. `SUBSTITUTE(A2,"~","~~")` என்று இரட்டித்துக் கொடுக்க வேண்டும். பின்ன எண்களைத் தேடுபவர்களும் கவனிக்க வேண்டும்: `=4.1-4` திரையில் 0.1 என்று தெரிந்தாலும் உள்ளே இருப்பது 0.0999999999999996. அதற்கு ROUND போட்டுவிட்டுத் தேட வேண்டும்.

2019-இல் அறிமுகமான XLOOKUP, எதுவும் சொல்லாவிட்டால் சரியான பொருத்தத்தையே தேடுகிறது. முடிந்தவர்கள் அதற்கு மாறுவது நல்லது. ஆனால் VLOOKUP பழக்கத்தில் நான்காவது இடத்தில் 0 அல்லது FALSE எழுதுபவர்கள் கவனிக்க வேண்டும். XLOOKUP-இல் நான்காவது இடம் கிடைக்காவிட்டால் காட்ட வேண்டிய விடைக்கானது. பொருத்தும் முறை ஐந்தாவது இடம். `=XLOOKUP(A2,List!A:A,List!B:B,0)` என்று எழுதினால் கிடைக்காத ஒவ்வொரு குறியீட்டுக்கும் 0 வரும். விலைப் பத்தியில் அது வந்தால் இலவசச் சரக்கு போலக் கூட்டலில் கலந்துவிடும். வகைப் பொருத்தமின்மையையும் 160-ஐயும் XLOOKUP-ஆலும் தீர்க்க முடியாது. அது VLOOKUP போலவே அவற்றின் முன் கைவிரிக்கும்.

பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று IFERROR போட்டு #N/A-வை வெற்றிடமாக்கும் பழக்கம் அலுவலகங்களில் வேரூன்றியிருக்கிறது. அது ஃபார்முலாவில் செய்த எழுத்துப் பிழையையும், நீக்கப்பட்ட பத்தியையும், உண்மையிலேயே பட்டியலில் இல்லாத குறியீட்டையும் ஒரே வெள்ளைக்குள் புதைத்துவிடுகிறது. மறைத்தே ஆக வேண்டும் என்றால் #N/A-வை மட்டும் பிடிக்கும் IFNA-வைப் பயன்படுத்துங்கள். அதிலும் வெற்றிடம் விடாமல் "பட்டியலில் இல்லை" என்று எழுதுங்கள். உங்கள் பழைய கோப்புகளில் IFERROR சுற்றிய தேடல் ஏதாவது இருந்தால், அடுத்த கணக்கை அனுப்புவதற்கு முன் ஒருமுறை அந்தச் சுற்றலைக் கழற்றிவிட்டு எத்தனை வரிகள் விழுகின்றன என்று பாருங்கள்.